ஸ்கேன் செய்த விடைத்தாளை மறுபடி பார்க்கச் சொல்லி ஆசிரியருக்கு மடல் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருவின் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் தமிழ் மாணவர்கள் இன்டர்னல்ஸ் முடிந்த வாரங்களில் கேட்கும் கேள்விகள் இவை. பதில் எழுதுபவர் அதே நகரில் சிவில் துறையில் பாடம் நடத்துபவர். இத்தகைய மடல்களைப் பெறுகிறவரும் கூட.

மார்க் போட்ட விடைத்தாளின் பிடிஎஃப் வந்துவிட்டது, மதிப்பெண் குறைவாகத் தெரிகிறது. உடனே சாருக்கு மெயில் போடலாமா?

அது எந்தத் தேர்வு என்பதை முதலில் பாருங்கள். புளூ புக்கில் எழுதிய இன்டர்னல் தேர்வென்றால், திருத்தியவரும் மதிப்பெண்ணை மாற்றக்கூடியவரும் உங்கள் பாட ஆசிரியரே. மடல் அவருக்குத்தான் போக வேண்டும். செமஸ்டர் இறுதித் தேர்வின் கதை வேறு. விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் அந்த விடைத்தாள்கள் ஸ்கேன் செய்யப்பட்டு, வேறெங்கோ உள்ள ஓர் ஆசிரியரால் கணினித் திரையில் திருத்தப்படுகின்றன. அவருக்கு உங்கள் பெயர் தெரியாது, உங்களுக்கு அவர் பெயர் தெரியாது. அந்த மதிப்பெண்ணைப் பற்றி உங்கள் பாட ஆசிரியருக்கு எழுதினால் அவரால் அனுதாபப்பட முடியுமே தவிர வேறொன்றும் செய்ய இயலாது. அதற்கு வழி, முடிவு வெளியான பின் அறிவிக்கப்படும் கெடுவுக்குள், கட்டணம் கட்டி, நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிப்பதுதான்.

இந்தப் பக்கத்தின் மீதி பெரும்பாலும் இன்டர்னல் தேர்வைப் பற்றியது, ஏனென்றால் ஒரு மடல் உண்மையில் வேலை செய்யும் இடம் அதுதான். காலக்கெடு இங்கேயும் உண்டு. துறையில் மதிப்பெண்களைத் தொகுத்துப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிப் பூட்டிவிட்டால், ஆசிரியர் விரும்பினாலும் திருத்த முடியாமல் போகலாம். ஆகவே பிடிஎஃப் வந்த அன்றே கோபத்தோடு எழுதாமல், அதே சமயம் அடுத்த தேர்வு வரை தள்ளிப் போடாமல், இரண்டு மூன்று நாட்களுக்குள் எழுதுவது நல்லது.

எழுதுவதற்கு முன் அந்தப் பிடிஎஃப்பில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் பக்கங்களை எண்ணுங்கள். புளூ புக்கில் எத்தனை பக்கம் எழுதினீர்கள், கூடுதல் தாள் வாங்கினீர்களா, அது பிடிஎஃப்பில் இருக்கிறதா என்பதை மதிப்பெண்ணுக்கு முன்னால் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போவது சாதாரணமாக நடக்கிற காரியம். நூல் கட்டிய கூடுதல் தாள் தனியே கழன்று, வேறொருவரின் கட்டில் சேர்ந்துவிடுவதும் உண்டு. மும்பைப் பல்கலைக்கழகம் 2017ஆம் ஆண்டு எல்லா விடைத்தாள்களையும் ஒரே வீச்சில் திரைவழித் திருத்தத்துக்குக் கொண்டுபோனபோது முடிவுகள் மாதக்கணக்கில் தாமதமாகி, கடைசியில் துணைவேந்தரே பதவி இழந்தார். அத்தகைய பெரிய குளறுபடி இல்லாத சின்னக் கல்லூரியிலும் ஒரு தாள் விடுபடுவதற்கு ஒரு அவசரமான மாலை நேரம் போதும்.

அடுத்தது கூட்டல். உள்ளே ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் ஆசிரியர் போட்ட எண்ணை ஒரு தாளில் எழுதி, முன்பக்க அட்டவணையோடு ஒப்பிடுங்கள். 3 அ, 3 ஆ என்று பிரிவுகள் உள்ள வினாவில் ஒரு பிரிவின் மதிப்பெண் அட்டவணைக்கு வராமல் போவது நான் அதிகம் கண்ட பிழை. கறுப்பு வெள்ளை ஸ்கேனில் ஆசிரியரின் சிவப்பு மையும் உங்கள் எழுத்தும் ஒரே நிறமாகிவிடுவதால், ஓரத்தில் உள்ள 4 மதிப்பெண்ணா அல்லது உங்கள் கணக்கின் ஓர் எண்ணா என்று குழம்புவீர்கள். வட்டம் போட்ட எண்களை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள், ஐயமுள்ளதைத் தனியே குறித்து வையுங்கள்.

மூன்றாவதாக, திருத்தப்படாத விடை ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சரி, தவறு, அடிக்கோடு, எண் எதுவுமே படாத ஒரு முழுப் பக்கம் இருந்தால் ஆசிரியர் அதைப் பார்க்கவில்லை என்றே பெரும்பாலும் பொருள். வினாவின் பாதியை 4ஆம் பக்கத்திலும் மீதியை 11ஆம் பக்கத்திலும் எழுதி, "தொடர்ச்சி பின்னால்" என்று ஒரு வரி கூட எழுதாமல் விட்டவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது.

இந்த மூன்றையும் முடித்த பிறகே, "திருத்திய விதம் சரியா" என்ற நான்காவது கேள்விக்கு வர வேண்டும். முதல் மூன்றும் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளக் கூடியவை. ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். நான்காவது அவருடைய மதிப்பீட்டைத் தொடுவது. அதற்கு வேறு தொனி, வேறு ஆதாரம் தேவை. இரண்டையும் ஒரே மடலில் கலந்து எழுதுபவர்கள் எளிதில் கிடைக்க வேண்டியதையும் வாதத்தில் சிக்க வைக்கிறார்கள்.

பென்சிலில் வரைந்த படம் ஸ்கேனில் தெரியவே இல்லை. அதற்கு மார்க் போயிருக்கிறது. என்ன செய்வது?

மூலத் தாளைப் பார்க்கும்படி கேளுங்கள். சாம்பல் நிறமே இல்லாத, கறுப்பும் வெள்ளையும் மட்டுமான அமைப்பில் ஸ்கேன் செய்தால், மெல்லிய பென்சில் கோடுகளை இயந்திரம் வெள்ளை என்று முடிவு செய்து அழித்துவிடும். ஆசிரியர் கையில் புளூ புக்கை வைத்துத் திருத்தினாரா, ஸ்கேனைத் திறந்து திரையில் திருத்தினாரா என்பதே இங்கே முக்கியம். கையில் வைத்துத் திருத்தியிருந்தால் படம் அவர் கண்ணில் பட்டிருக்கும்; மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் வேறு. மடலில் "படம் மூலத்தில் 6ஆம் பக்கத்தின் கீழ்ப்பாதியில் உள்ளது, நகலில் அந்த இடம் வெறுமையாகத் தெரிகிறது" என்ற ஒரு வரி போதும்.

விடை தப்புதான், ஆனால் வழிமுறை சரி. எட்டுக்கு ஒன்றுதான் போட்டிருக்கிறார். கேட்க நியாயம் இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கிறது, ஆனால் எவ்வளவு நியாயம் என்பதை மடல் எழுதுமுன் நீங்களே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். என் பாடத்திலிருந்தே ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன்.

இரு முனைகளிலும் தாங்கப்பட்ட 6 மீட்டர் உத்தரம். இடது முனையிலிருந்து 2 மீட்டரில் 30 கிலோநியூட்டன் சுமை. முனைகளின் எதிர்வினைகளைக் கண்டு, வெட்டுவிசை வரைபடமும் வளைவுத் திருப்புத்திறன் வரைபடமும் வரைய வேண்டும். மாணவர் இடது முனையைச் சுற்றிச் சமன்பாட்டைச் சரியாக எழுதினார்: வலது எதிர்வினை × 6 = 30 × 2. அடுத்த வரியில் தான் எழுதிய 6ஐத் தானே 5 என்று படித்து, 60ஐ 5ஆல் வகுத்து 12 என்றார். சரியான விடை 10. அதிலிருந்து இடது எதிர்வினை 20க்குப் பதிலாக 18, சுமைக்கு அடியில் திருப்புத்திறன் 40க்குப் பதிலாக 18 × 2 = 36 என்று வரிசையாக மாறிக்கொண்டே போயிற்று. ஆசிரியர் 12 என்ற எண்ணில் கோடு கிழித்து, சமன்பாட்டுக்கு மட்டும் 1 கொடுத்துவிட்டார்.

இப்போது விடைக்குறிப்பை, அதாவது துறையில் எல்லாரும் "ஸ்கீம்" என்று சொல்லும் மதிப்பெண் பங்கீட்டை, பக்கத்தில் வையுங்கள். இந்த வினாவுக்குச் சமன்பாடு 1, இரண்டு எதிர்வினைகளுக்குத் தலா 1, வெட்டுவிசை வரைபடம் 2, திருப்புத்திறன் 3 என்று பிரித்திருந்தார்கள் என்று கொள்வோம். ஒரு பிழைக்கு ஒரு தடவைதான் மதிப்பெண் குறைக்க வேண்டும், பிறகு வரும் படிகளை மாணவர் கையில் இருந்த எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது பல துறைகளில் பின்பற்றப்படும் வழக்கம். அந்த வழக்கப்படி வலது எதிர்வினைக்கு உரிய 1 போகும். இடது எதிர்வினையின் 1, வெட்டுவிசை வரைபடத்தின் 2 இரண்டும் கிடைக்கும். 18இல் தொடங்கி, 30 இறங்கி, 12 ஏறி முடியும் படம் தன்னளவில் சரியாக மூடுகிறது.

திருப்புத்திறன் வரைபடத்தில் நின்று யோசிக்க வேண்டும். இடப்பக்கமிருந்து கணக்கிட்டால் சுமைக்கு அடியில் 36 வருகிறது. வலப்பக்கமிருந்து கணக்கிட்டால் 12 × 4 = 48 வருகிறது. ஒரே புள்ளியில் இரண்டு மதிப்பு இருக்க முடியாது. மாணவர் வலப்பக்கத்தைச் சரிபார்த்திருந்தால் தன் பிழையை அங்கேயே பிடித்திருப்பார். பார்க்காமல் 36லிருந்து பூஜ்யத்துக்கு ஒரு நேர்கோட்டை இழுத்துவிட்டார். நான் திருத்தினால் அதற்கு 1 குறைத்து 2 கொடுப்பேன். ஆக மொத்தம் 1 + 0 + 1 + 2 + 2 = 6. எட்டுக்கு 7 கிடைக்க வேண்டும் என்று எழுதும் மாணவர், அந்த 48ஐ ஆசிரியர் சுட்டிக்காட்டும்போது பேச முடியாமல் நிற்பார். அதை முன்னமே கண்டு, மடலில் தானே சொல்லிவிடுபவருக்கு அந்தச் சிக்கல் வராது.

ஸ்கீமில் "இறுதி விடைக்கு மட்டும் மதிப்பெண்" என்று எழுதியிருந்தால், அல்லது உங்கள் பிழை கணக்கையே எளிதாக்கிவிட்டிருந்தால், இந்த வாதம் நிற்காது. முதலில் ஸ்கீமைக் கேட்டு வாங்குங்கள்; பல துறைகளில் அது அறிவிப்புப் பலகையிலோ வகுப்புக் குழுவிலோ போடப்படுகிறது.

சரி, அந்த மடலை எப்படி எழுதுவது? முழுசாக ஒன்று காட்ட முடியுமா?

மேலே சொன்ன கணக்குக்கே எழுதுகிறேன். பெங்களூருவில் உங்கள் ஆசிரியர் கன்னடராகவோ தெலுங்கராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். மடல் ஆங்கிலத்தில்தான் போகும். அதில் என்னென்ன, எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பது புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்.

> பொருள்: ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், இரண்டாம் இன்டர்னல், வினா 3 ஆ: மறுபடி பார்க்க வேண்டுகோள் (யூ.எஸ்.என். எண்)
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். நான் மூன்றாம் செமஸ்டர், பி பிரிவு மாணவி. திங்கட்கிழமை அனுப்பப்பட்ட எனது விடைத்தாளின் ஸ்கேன் நகலை விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.
>
> வினா 3 ஆ, பிடிஎஃப்பின் 7ஆம் பக்கம் (புளூ புக்கில் 6ஆம் பக்கம்): வலது எதிர்வினையைக் கணக்கிடும்போது 6க்குப் பதிலாக 5ஆல் வகுத்து 12 என்று எழுதிவிட்டேன். அது என் தவறு. அதன் பிறகு இடது எதிர்வினை, வெட்டுவிசை வரைபடம், திருப்புத்திறன் ஆகிய படிகளை அந்த 12ஐ வைத்தே செய்திருக்கிறேன். வலப்பக்கமிருந்து சரிபார்க்காததால் திருப்புத்திறன் வரைபடம் பொருந்தவில்லை என்பதையும் இப்போது காண்கிறேன். இந்த வினாவுக்கு 8க்கு 1 பதிவாகியுள்ளது. விடைக்குறிப்பில் படிகளுக்குத் தனித்தனியாக மதிப்பெண் பிரிக்கப்பட்டிருப்பதால், பிந்தைய படிகளை ஒருமுறை பார்க்க இயலுமா என்று கேட்டுக்கொள்கிறேன்.
>
> தாங்கள் எடுக்கும் முடிவை ஏற்றுக்கொள்கிறேன். நேரில் வருவது வசதி என்றால், தாங்கள் சொல்லும் நேரத்தில் துறைக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தையும் முன்பக்க அட்டவணையையும் இணைத்திருக்கிறேன்.
>
> நன்றியுடன்,
> பெயர், யூ.எஸ்.என்., பிரிவு

இதில் கவனிக்க வேண்டியவை சில. பிடிஎஃப் பக்க எண்ணும் புளூ புக் பக்க எண்ணும் இரண்டுமே இருக்கின்றன. முகப்பு அட்டை முதல் பக்கமாக எண்ணப்படுவதால் இவை ஒன்று மாறியே வரும், ஆசிரியர் எந்த ஒன்றைத் திறந்தாலும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முழுப் பிடிஎஃப்பையும் இணைக்காமல் வேண்டிய பக்கங்களை மட்டும் இணைப்பது நல்லது. ஆனால் அவற்றின் மேல் அம்புக்குறியோ வண்ணமோ போட்டு அனுப்ப வேண்டாம், திருத்தப்பட்ட தாளில் எதையோ சேர்த்ததாகத் தோன்றும். யூ.எஸ்.என். எண் தலைப்பிலேயே இருக்கிறது. அறுபது மாணவர்களின் கட்டில் உங்கள் தாளை எடுக்க அவருக்கு அந்த எண்தான் வேண்டும்.

வீட்டு நிலை, உதவித்தொகை, வேலைவாய்ப்புக்குத் தேவையான சராசரி எதுவும் மடலில் இல்லை. அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவற்றைப் படித்த பிறகு ஆசிரியர் மதிப்பெண்ணைக் கூட்டினால் அது கணக்குக்காகவா இரக்கத்துக்காகவா என்ற கேள்வி அவருக்கே எழும். அந்த இடத்துக்கு அவரைத் தள்ளாமல் இருப்பது மரியாதை.

எனக்கு ஆறு மார்க் வர வேண்டும் என்று நேராகச் சொல்லலாமா?

கூட்டல் பிழையென்றால் சொல்லுங்கள்: "உள்ளே 31 வருகிறது, அட்டவணையில் 28 உள்ளது." அங்கே எண் தெளிவைத் தருகிறது. மதிப்பீட்டைப் பற்றிய வேண்டுகோளில் எண்ணைச் சொன்னால் மடல் பேரம் ஆகிவிடுகிறது. ஆறு என்று கணக்குப் போட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஐந்து கொடுத்தால் ஏன் என்று புரிந்துகொள்ள அது உதவும்.

மறுபடி பார்த்தால் மார்க் குறைந்துவிடுமா?

குறையலாம். நீங்கள் ஒரு வினாவைத்தான் சுட்டினாலும் தாள் முழுவதும் அவர் கண்முன் விரிகிறது. 2 ஆ பிரிவில் தாராளமாகப் போட்ட ஒரு மதிப்பெண் அப்போது அவருக்கு உறுத்தலாம். இன்டர்னலில் பெரும்பாலான ஆசிரியர்கள் அவ்வாறு குறைப்பதில்லை என்பது என் அனுபவம். செமஸ்டர் தேர்வின் மறுமதிப்பீட்டில் விதிகளே முடிவு செய்யும். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள்.

நண்பனுக்கு இதே விடைக்கு ஆறு போட்டிருக்கிறார். அவன் தாளையும் சேர்த்து அனுப்பலாமா?

வேண்டாம். ஆசிரியர் அதை ஒப்பிட்டுப் பார்த்து, உங்களுக்குக் கூட்டுவதற்குப் பதில் அவனுக்குக் குறைக்கக் கூடும். அதற்கு அவன் சம்மதித்திருக்க மாட்டான். உங்கள் தாளையும் ஸ்கீமையும் மட்டும் ஆதாரமாகக் கொள்ளுங்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு அதே படியில் மதிப்பெண் விழாமல் போயிருந்தால், வகுப்புப் பிரதிநிதி வாயிலாகப் பெயர்கள் இல்லாமல் "இந்தப் படிக்கு எப்படி மதிப்பெண் பிரிக்கப்பட்டது" என்று கேட்பது முறை.

சார் தமிழ்தான். வாட்ஸ்அப்பில் தமிழிலேயே கேட்டால் என்ன?

நடைவழியில் பார்க்கும்போது தமிழில் பேசுங்கள், அதில் தடையில்லை. வேண்டுகோள் மட்டும் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து ஆங்கிலத்தில் போகட்டும். மதிப்பெண் மாற்றத்துக்குத் துறைத் தலைவர் கையெழுத்து தேவைப்பட்டால், ஆசிரியர் அந்த மடலையே அவருக்கு அனுப்பிவிடலாம். மேலும், ஒரே மொழிக்காரர் என்பதால் செய்துகொடுத்தார் என்ற பேச்சுக்கும் இடம் இராது. அந்தப் பேச்சு இந்த நகரத்தில் எவ்வளவு சீக்கிரம் எழும் என்பது இங்கே சில வருடம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

பதிலே வரவில்லை. எச்.ஓ.டி.க்கு எழுதிவிடலாமா?

நாலைந்து வேலை நாள் பொறுத்து, அதே மடலின் கீழேயே இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். புதிய மடலாகத் தொடங்கினால் பழையதும் இணைப்புகளும் கண்ணில் படாது. அதற்கும் பதில் இல்லையென்றால், ஆசிரியர் அறையில் இருக்கும் நேரத்தில் ஒருமுறை நேரில் போய், அச்சிட்ட பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். இதற்குப் பிறகும் நகரவில்லை, மதிப்பெண் பூட்டும் நாளும் நெருங்குகிறது என்ற நிலையில்தான் துறைத் தலைவர். முதல் மடலிலேயே அவரை நகலில் சேர்ப்பவர்கள் வேண்டுகோளைப் புகாராக மாற்றிவிடுகிறார்கள். ஆசிரியர் அதன் பிறகு தன் மதிப்பீட்டைக் காப்பதிலேயே குறியாக இருப்பார்.

டெல்லியில் படிக்கும் தோழி ஆர்.டி.ஐ. போட்டு விடைத்தாளை வாங்கினாள். நானும் போட்டால் மார்க்கை மாற்றிவிடுவார்களா?

விடைத்தாள் கிடைக்கும், மதிப்பெண் மாறுவது வேறு விஷயம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாய் என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது: திருத்தப்பட்ட விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு தகவல், தேர்வு எழுதியவர் தன் தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உண்டு. திருத்தியவர் யார் என்பதை வெளியிட வேண்டியதில்லை என்றும், இந்த உரிமை மறுமதிப்பீட்டுக்கான உரிமை ஆகாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ரண் விஜய் சிங் வழக்கில் 2017 டிசம்பரில் அந்த நீதிமன்றம் மேலும் கறாராகப் பேசியது: தேர்வு விதிகள் மறுமதிப்பீட்டுக்கு இடம் தந்தால் தேர்வு நடத்துபவர் அதை அனுமதிக்கலாம், இடம் தராவிட்டால், நீண்ட வாதமே தேவைப்படாத அளவுக்குப் பிழை வெளிப்படையாக இருந்தாலன்றி நீதிமன்றம் தலையிடக் கூடாது.

டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் மத்திய விதிகள் பொருந்தும்: விண்ணப்பத்துக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. அந்த 30 நாள்தான் தொல்லை. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கெடு பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். எனவே பல்கலைக்கழகமே கட்டணத்துக்கு நகல் தருமானால் அந்த வழியில் போங்கள். அது மறுக்கப்படும்போதோ, அப்படியொரு வழியே இல்லாதபோதோ ஆர்.டி.ஐ. விண்ணப்பம் போடுங்கள். உங்கள் ஆசிரியர் கையில் இருக்கும் இன்டர்னல் புளூ புக்குக்கு இது எதுவுமே தேவையில்லை. கேட்டால் எடுத்துக் காட்டுவார்.